சாரல் வரும்வரை பாதி வாடகை

குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன். ஐயப்ப பக்தர்கள் வந்துபோன பிறகு, பிப்ரவரியிலிருந்து மே வரை அருவி வற்றிவிடும். ஹோட்டலில் பாதி மேஜைகள் காலியாகவே கிடக்கும். வாடகை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும்.

மாதம் 60,000 ரூபாய் வாடகை கொடுக்கும் ஒரு ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். “வியாபாரம் டல், பார்த்துச் செய்யுங்கள்” என்று எழுதினால் கட்டட உரிமையாளரால் எந்த முடிவுக்கும் வர முடியாது. இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய அண்ணாச்சி, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 30,000 ரூபாய் தருகிறேன். மீதி 1,20,000 ரூபாயை ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வாடகையோடு மாதம் 40,000 வீதம் சேர்த்துத் தீர்த்துவிடுகிறேன். அட்வான்ஸில் கழிக்க வேண்டாம். சென்ற ஆண்டின் மாத விற்பனைக் கணக்கை இணைத்துள்ளேன்.”

இது தள்ளுபடி அல்ல, தள்ளிவைப்பு. அதைக் கடிதம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் கழிந்த பணம் என்றும் மற்றவர் பாக்கி என்றும் நினைப்பார்கள். வாய்ப்பேச்சில் விடுவதுதான் பெரிய ஆபத்து. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத வாடகை பாக்கி நின்றாலே காலிசெய்யக் கோர வழி உண்டு. அதனால் கடிதத்தின் கீழே “சம்மதம்” என்று உரிமையாளரின் கையெழுத்தும் தேதியும் வாங்கி, இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரியிலேயே கடிதம் கொடுப்பது நல்லது. பாக்கி விழுந்தபிறகு கேட்டால் அது சாக்காகத்தான் தெரியும். சாரல் பொய்த்தால் என்ன செய்வது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடலாம்: மீதியைச் செப்டம்பர், அக்டோபருக்கு நீட்டிக்க முன்கூட்டியே கேட்டுவிடுவது.