கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும்

சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல்மொழிகளில், ஒரு நிபந்தனையைச் சோதித்து இரண்டு மதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மும்மச் செயற்குறி உதவுகிறது. கேள்விக்குறிக்கு முன்னால் நிபந்தனை நிற்கும். அது மெய்யானால் முக்காற்புள்ளிக்கு முன்னுள்ள மதிப்பும், பொய்யானால் பின்னுள்ள மதிப்பும் கிடைக்கும்.

```
$r = $m >= 35 ? "தேர்ச்சி" : "தோல்வி";
```

மூன்று விடைகள் தேவைப்பட்டால், பொய்யான பக்கத்தில் இன்னொரு நிபந்தனையைத் தொடரலாம்.

```
$g = $m >= 80 ? "A"
   : $m >= 60 ? "B"
   : "C";
```

ஜாவாஸ்கிரிப்ட் இதை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. 80 இல்லையா, அடுத்து 60 பார். அதுவும் இல்லையா, C. ஒரு வரி பொய்த்ததும் அதை மறந்துவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். வரிக்கு ஒரு நிபந்தனையாக எழுதினால், இத்தகைய சங்கிலி சற்று நீண்டாலும் தெளிவாகவே இருக்கும்.

பிஎச்பி மொழியின் பழைய பதிப்புகளோ இதே வரிகளை வேறுவிதமாகப் புரிந்துகொண்டன. அவை இடப்பக்கத்திலிருந்து அடைப்புக்குறி போட்டன:

```
($m >= 80 ? "A" : $m >= 60) ? "B" : "C"
```

95 மதிப்பெண்ணுக்கு அடைப்புக்குறிக்குள் "A" கிடைக்கிறது. அந்த எழுத்தை மொழி மெய்யாகக் கொள்வதால் இறுதி விடை B ஆகிவிடுகிறது. 65க்கு B, 40க்கு C என்பவை சரியாகவே வரும். ஆனால் எவருக்கும் A கிடைக்காது. பிழைச் செய்தி எதுவும் தோன்றாததால், உயர்ந்த மதிப்பெண்ணைக் கொடுத்துச் சோதித்தால்தான் குறை வெளிப்படும். 2019இல் வந்த 7.4 பதிப்பு அடைப்புக்குறி இல்லாத சங்கிலிக்கு எச்சரிக்கை தந்தது. 2020இல் வந்த 8.0 அதைப் பிழையென்றே நிராகரித்தது.

மொழி சரியாகப் புரிந்துகொண்டாலும் மனிதர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கேள்விக்குறிக்கும் அதன் முக்காற்புள்ளிக்கும் நடுவில் இன்னொரு நிபந்தனை புகும் இடம் அது. ஒரு கண்காட்சியின் நுழைவுக் கட்டணம் 60 வயதுக்குட்பட்ட உறுப்பினருக்கு 80, மற்றவருக்கு 100 ரூபாய். மூத்தவர்களில் உறுப்பினருக்கு 40, மற்றவருக்கு 50 ரூபாய் எனக் கொள்வோம்.

```
f = age < 60 ? member ? 80 : 100 : member ? 40 : 50;
```

இங்கே முதல் முக்காற்புள்ளி இரண்டாம் கேள்விக்குறிக்கு உரியது. இரண்டாம் முக்காற்புள்ளியே முதல் கேள்விக்குறிக்கு உரியது. வயதுக் கேள்வி முடியாமல் நிற்கும்போதே உறுப்பினர் கேள்வியையும் படிப்பவர் மனத்தில் தாங்க வேண்டியிருக்கிறது. எந்தக் குறி எதற்கு ஜோடி என்று விரல்வைத்து எண்ண நேர்ந்தாலே அந்த வரி எல்லையைக் கடந்துவிட்டது. அடைப்புக்குறி சேர்த்தால் ஜோடிகள் தெரியும். எனினும் தாங்கவேண்டிய சுமை குறையாது. வெளிக் கேள்வியை if ஆகப் பிரித்தால் அது குறையும்.

```
if (age < 60) f = member ? 80 : 100;
else          f = member ? 40 : 50;
```

கணக்கு மாறவில்லை. ஆனால் வயது முதல் வரியிலேயே முடிவாகிவிடுவதால், ஒவ்வொரு வரியிலும் உறுப்பினரா என்ற ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது. மூத்தவர் கட்டணம் நாளை மாறினாலும் திருத்த வேண்டிய இடம் பார்த்ததும் தெரியும்.