முகம் கிடைக்காத ஒன்பதாமவர்
தங்கவயல் மன்ற ஆண்டு விழாவில் நிறுவனர் படங்கள் திறப்பு

கோலார் தங்கவயல்: சுரங்கத் தொழிலாளர் ஒன்பது பேர் கூடித் தொடங்கிய படிப்பக மன்றம் ஒன்றின் 75-ஆம் ஆண்டு விழா இங்கு நடைபெற்றது. நிறுவனர் படங்களைத் திறந்து வைக்கும் பொறுப்பு மன்றச் செயலாளருக்கு. திரை விலகியதும் கூட்டத்தில் சலசலப்பு. வழக்கமான வண்ணப் படங்களைக் காணோம். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில், நிழல் தீட்டாமல், சில கோடுகளே கொண்ட எட்டு முகங்கள். ஒன்பதாவது சட்டத்தில் முகமே இல்லை; பெரிதாக்கிய ஒரு கையெழுத்து மட்டும் இருந்தது.

"மன்றத்தில் பணம் இல்லை என்று இப்படிச் செய்துவிட்டார்களோ என்று நினைக்காதீர்கள். காரணத்தைச் சொல்லுகிறேன்" என்று தொடங்கிச் செயலாளர் பேசியதாவது:

கொத்தமல்லி விதை அளவு முகம்

"நம்மிடம் இருந்தது ஒரே ஒரு குரூப் போட்டோ. அகலம் ஆறு அங்குலம். அதில் ஒவ்வொரு முகமும் கொத்தமல்லி விதை அளவுதான். ஒரு ஓரம் ஈரம் பட்டு வெளுத்தும் போயிருந்தது. முதலில் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாக்கக் கொடுத்தோம். வந்தது வெறும் புள்ளியும் புகையும். அவர்கள் கண்ணையும் உதட்டையும் தாங்களே தீட்டித் திருத்தித் தந்தார்கள். படம் பளபளப்பாக இருந்தது. ஆனால் எட்டுப் பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப்போல் இருந்தார்கள்! அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

"பிறகு நம் ஊர் போர்டு ஆர்ட்டிஸ்டிடம் போனோம். அவர் ஒவ்வொரு முகத்தையும் மூன்று அங்குலத்துக்குப் பெரிதாக்கி வாங்கி, அதன்மேல் அரை அங்குலக் கட்டங்கள் போட்டார். பெரிய தாளில் ஒன்றரை அங்குலக் கட்டங்கள். இந்தக் கட்டத்தில் உள்ள கோடு அந்தக் கட்டத்தில் மூன்று மடங்காகும். போட்டோவில் தெளிவாகத் தெரிந்ததை மட்டும் வரைந்தார்: தலை வகிடு, மீசை, தாடை, தோள் சாய்வு. தெரியாத இடத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டார். அதனால்தான் சிலருக்குக் கண் ஒரு கோடாக நிற்கிறது.

"சரியாக வந்ததா என்று எப்படி அறிவது? பெயரை மறைத்து, குடும்பத்தாருக்கும் பெரியவர்களுக்கும் காட்டினோம். ஆறு படங்களை உடனே சொல்லிவிட்டார்கள். இரண்டில் தடுமாறினார்கள். ஒன்றில் மீசை தடித்திருந்தது. மற்றொன்றில் கழுத்தை நேராக்கிவிட்டார். அந்தப் பெரியவர் தலையை ஒருபுறம் சாய்த்தே நிற்பாராம். திருத்தியதும் அவருடைய மகனே 'அப்பா!' என்றார்."

கைநாட்டா, கையெழுத்தா?

ஒன்பதாமவரைப் பற்றிப் பேசும்போது செயலாளரின் குரல் தாழ்ந்தது.

"போட்டோ எடுத்த அன்று அவருக்குச் சுரங்கத்துக்குள் ஷிப்டு. வேறு படமும் இல்லை. மகனைப் பார்த்து வரையலாம் என்றார்கள் சிலர். அப்படி வரைந்தால் அது மகன் படம்தானே? நாளைக்குப் பேரப் பிள்ளைகள் அதையே தாத்தா என்று நம்புவார்கள். அந்தப் பொய்யை நாம் சுவரில் மாட்டக் கூடாது.

"சந்தாப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் அவருடைய இடது கைப் பெருவிரல் ரேகை இருக்கிறது. அதைப் பெரிதாக்கலாம் என்று நானே சொன்னேன். ஒரு பெரியவர் மறுத்தார். 1930-இல் இந்தத் தங்கவயலில் நம் பாட்டன்மார், கைரேகைப் பதிவு வேண்டாம் என்று வேலைநிறுத்தம் செய்தவர்கள். 'ரேகையை வைத்து ஆளை எண்ணுவது கம்பெனி வழக்கம், மன்றத்துக்கு அது வேண்டாம்' என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"பதிவேட்டை மேலும் புரட்டினோம். பதினோராம் மாதத்தில் அதே பெயருக்கு நேரே ரேகை இல்லை. கோணல் மாணலாக ஒரு கையெழுத்து! நம் படிப்பகத்தில் எழுத்துக் கற்று அவர் போட்ட முதல் கையெழுத்து அது. அவருடைய மகளிடம் காட்டினோம். 'அப்பா இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். முகம் இல்லாவிட்டால் போகிறது, இதையே வையுங்கள்' என்றார். ஒரு வளைவைக்கூடத் திருத்தாமல் வரைந்திருக்கிறோம்."

இப்போது கூட்டத்தில் சலசலப்பு இல்லை. முன் வரிசையில் அமர்ந்திருந்த அந்த அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின் உறுப்பினர்களில் பலர் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு ரயிலில் சென்று வருகிறார்கள். வீடு மாறும்போது பழைய படங்கள் தொலைந்துபோகின்றன என்பதைச் செயலாளர் எடுத்துக் கூறினார். வீட்டில் பழைய போட்டோ உள்ளவர்கள் அதைச் சட்டத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டாம், ஈரத் துணியால் துடைக்கவும் வேண்டாம், அப்படியே கொண்டுவந்தால் மன்றத்தில் நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தரப்படும் என்றார். படத்தின் பின்புறம் பேனாவால் அழுத்தி எழுதாமல், யார் யார் என்பதைத் தனித் தாளில் வரிசைப்படி எழுதித் தரும்படியும் கேட்டுக்கொண்டார்.

ஒன்பதாமவரின் போட்டோ என்றாவது கிடைத்தால் முகம் வரையப்படுமா என்று ஒரு இளைஞர் கேட்டார். "வரைவோம். ஆனால் கையெழுத்து இறங்காது. பக்கத்தில் இன்னொரு ஆணி அடிப்போம்" என்று செயலாளர் பதிலளித்தபோது கைதட்டல் எழுந்தது.

பொருளாளர் நன்றி கூற விழா நிறைவுற்றது.