இரண்டு மோட்டார் போட்டால் இரண்டு பங்கு தண்ணீரா?

கிணற்றில் ஒரு மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் போதவில்லை. அதேபோல இன்னொன்றை வாங்கி அதே குழாயில் சேர்த்துவிட்டால் இரண்டு பங்கு வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மாட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. குற்றம் பெரும்பாலும் குழாயில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்ணீர் 15 மீட்டர் உயரம் ஏற வேண்டும்; இரண்டரை அங்குலக் குழாய், நீளம் 300 மீட்டர். மோட்டார் விநாடிக்கு 5 லிட்டர் தள்ளுகிறது. அந்த ஓட்டத்தில் குழாயின் உராய்வே இன்னொரு 10 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஆக, பம்ப் தரும் ‘ஹெட்’ 25 மீட்டர். வால்வை முழுக்க மூடினால் இந்தப் பம்ப் அதிகபட்சம் 34 மீட்டர் தரும் என்று வைத்துக்கொள்வோம்.

இதன் ஜோடியைப் பக்க இணைப்பில் சேர்த்தால், ஒரே ஹெட்டில் இரண்டின் ஓட்டமும் கூடும். ஆனால் ஹெட் அப்படியே இருக்காதே! ஓட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு நான்கு மடங்காகும். ஹெட் ஏற ஏற, ஒவ்வொரு பம்பும் தள்ளுவது குறையும். கடைசியில் கிடைப்பது 6.2 லிட்டர்தான். ஒவ்வொரு பம்பும் 3.1 லிட்டரோடு முக்கிக்கொண்டிருக்கும்.

தொடர் இணைப்பில் முதல் பம்ப் தள்ளும் தண்ணீரை இரண்டாவது வாங்கி மேலும் அழுத்துகிறது. ஒரே ஓட்டத்தில் இரண்டின் ஹெட்டும் கூடும். இதே குழாயில் 6.9 லிட்டர் வரும். ஏற வேண்டிய உயரமே 40 மீட்டர் என்றால் பக்க இணைப்பில் சொட்டுக்கூட வராது. தொடர் இணைப்புத்தான் வழி. ஆனால் இரண்டாவது பம்பின் உறையும் சீலும் இரண்டு பம்பின் அழுத்தத்தையும் தாங்கியாக வேண்டும்.

பக்க இணைப்பில் சமமில்லாத பம்புகளைச் சேர்ப்பது பெரிய தவறு. பெரியது உண்டாக்கும் ஹெட் சின்னதன் அதிகபட்ச ஹெட்டைத் தாண்டினால், சின்னது தண்ணீர் தள்ளாமல் உள்ளேயே சுற்றிச் சூடாகும். மோட்டார் ஓடும், ஆனால் ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும். உறையைத் தொட்டால் சுடும். ஒவ்வொரு பம்புக்கும் தனி நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாவிட்டால், நின்றிருக்கும் பம்பின் வழியே தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும்.

இப்போது குழாயை நான்கு அங்குலமாக்குங்கள். உராய்வு ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிறது. பக்க இணைப்பில் 12 லிட்டர் வரும். ஒற்றை மோட்டாரே 6.9 லிட்டர் தரும், பழைய குழாயில் இரண்டு மோட்டார் தொடராக நின்று தந்த அதே அளவு. ஓட்டம் கூடினால் ஆம்பியரும் ஏறும்; அது மட்டும் மோட்டார் தகட்டில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது மோட்டார் வாங்குமுன் நான்-ரிட்டர்ன் வால்வைத் தாண்டிக் குழாயில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். ஓடும்போது இரண்டரை கிலோ, நிறுத்தியபின் ஒன்றரை கிலோ காட்டினால், நடுவில் உள்ள ஒரு கிலோவைக் குழாய் தின்கிறது. முதலில் குழாயை மாற்றுங்கள்.