அட்டவணையில் மாறாமல் நிற்பது எது?

வேதிவினை வேகவியல் பாடத்தில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். சின்ன அட்டவணை ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் வினைபடு பொருளின் செறிவு. இது எந்த வகை வினை, அதாவது பூஜ்ய வகையா, முதல் வகையா, இரண்டாம் வகையா என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று சமன்பாடுகளை மனப்பாடம் செய்து, ஒவ்வொன்றிலும் எண்களைப் போட்டுப் பார்த்து விடை எழுதிவிடலாம். மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் சமன்பாட்டைத் தொடுவதற்கு முன்பே அந்த எண்கள் நம்மிடம் நிறையச் சொல்லிவிடுகின்றன. அதைக் கேட்கப் பழகுவதுதான் உண்மையான வேதியியல் என்று நினைக்கிறேன்.

நைட்ரஜன் டைஆக்சைடை எடுத்துக்கொள்வோம். வாகனப் புகையில் இருக்கும் பழுப்பு நிற வாயு. 300 டிகிரி செல்சியஸில் வைத்தால் அது மெல்லச் சிதைந்து நைட்ரிக் ஆக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் மாறும். இவை இரண்டும் நிறமற்றவை. எனவே பழுப்பு எவ்வளவு வெளுக்கிறது என்பதை ஒளியால் அளந்தே, எவ்வளவு வாயு மிச்சமிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

2NO₂ → 2NO + O₂

பாடநூல்களில் பலகாலமாக வரும் அளவுகள் இவை:

| நேரம் (வினாடி) | செறிவு (லிட்டருக்கு மோல்) |
|---|---|
| 0 | 0.01000 |
| 50 | 0.00787 |
| 100 | 0.00649 |
| 200 | 0.00481 |
| 300 | 0.00380 |

வினைவகை என்பது ஒரே ஒரு கேள்விக்கான பதில்தான்: செறிவு பாதியானால் வேகம் என்ன ஆகும்? வேகம் மாறாவிட்டால் பூஜ்ய வகை. வேகமும் பாதியானால் முதல் வகை. வேகம் கால் பங்காகிவிட்டால் இரண்டாம் வகை. மூன்றிலும் சம இடைவெளிகளில் ஏதோ ஒன்று மாறாமல் நிற்கும். எது நிற்கிறது என்பதே வகையைக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் 0, 100, 200, 300 வினாடி வரிகளை மட்டும் பார்ப்போம். ஒவ்வொரு நூறு வினாடியிலும் எவ்வளவு குறைந்தது? 0.00351, பிறகு 0.00168, பிறகு 0.00101. பூஜ்ய வகையாக இருந்தால் இவை சமமாக இருந்திருக்கும். இங்கே குறைவு சட்டென்று சுருங்குகிறது. அதை விட்டுவிடலாம்.

முதல் வகை வினையில் சமமாக இருப்பது விகிதம். இருப்பதில் குறிப்பிட்ட பங்கு ஒவ்வொரு இடைவெளியிலும் போகும். நம் அட்டவணையில் ஒரு வரியை அதற்கு முந்தைய வரியால் வகுத்தால் 0.649, 0.741, 0.790 என்று வருகிறது. முதல் நூறு வினாடியில் 35 சதவீதம் போனது. மூன்றாவது நூறில் 21 சதவீதம்தான் போனது. விகிதமும் நிற்கவில்லை. வாயு குறையக் குறைய, வினை முதல் வகைக்குரியதைவிட அதிகமாகத் தளர்கிறது.

இனி தலைகீழி. 1-ஐச் செறிவால் வகுத்தால் கிடைப்பது வெறும் கணக்கு எண் அல்ல. ஒரு மோல் வாயுவைத் திரட்ட எத்தனை லிட்டர் வேண்டும் என்பதே அது. தொடக்கத்தில் 100 லிட்டர். நூறு வினாடி கழித்து 154.1, பிறகு 207.9, பிறகு 263.2. ஒவ்வொரு முறையும் கூடியது 54.1, 53.8, 55.3 லிட்டர். அளவீட்டுப் பிழைக்கு இடம் கொடுத்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றே. ஆக, இது இரண்டாம் வகை.

தலைகீழி ஏன் சமமாக ஏறுகிறது? 0.01-இலிருந்து 0.005-க்கு இறங்க இந்த வாயுவுக்குச் சுமார் 184 வினாடி ஆகிறது. அடுத்து 0.005-இலிருந்து 0.0025-க்கு இறங்க வேண்டும். போக வேண்டிய அளவு முன்பைவிடப் பாதிதான். ஆனால் வேகமோ ஒவ்வொரு கட்டத்திலும் முன்பு இருந்ததில் கால் பங்கு. பாதி வேலையைக் கால் வேகத்தில் செய்தால் இரட்டிப்பு நேரம் ஆகும். லிட்டர் கணக்கில் பார்த்தால், முதல் கட்டத்தில் 100-இலிருந்து 200 ஆனது, இரண்டாம் கட்டத்தில் 200-இலிருந்து 400 ஆகிறது. இரட்டிப்பு ஏற்றம், இரட்டிப்பு நேரம். சீராக ஏறும் நேர்கோடு இப்படித்தான் பிறக்கிறது. முதல் வகை வினையில் அரை ஆயுட்காலம் கடைசிவரை மாறாது. இரண்டாம் வகையில் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும்.

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவது அந்த 50 வினாடி வரியில்தான். அதைச் சேர்த்துக்கொண்டு அடுத்தடுத்த வரிகளைக் கழித்தால் 27.1, 27.0, 53.8 என்று வரும். சமமில்லை என்று பதறி விடையை மாற்றிவிடுவார்கள். நேர இடைவெளி 50-இலிருந்து 100-க்குத் தாவியதைக் கவனிக்க வேண்டும். ஏற்றத்தை இடைவெளியால் வகுத்தால் எல்லாமே 0.54-ஐ ஒட்டியே வரும்.

ஆய்வகத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சோதனையை 20 வினாடியிலேயே நிறுத்திவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் பத்தில் ஒரு பங்கு வாயுதான் சிதைந்திருக்கும். கணக்கின்படி 10-ஆம் வினாடியில் 0.00949, 20-ஆம் வினாடியில் 0.00902. இப்போது விகிதம் பாருங்கள்: 0.949, 0.951. அசல் முதல் வகை வினை போலவே தெரியும். இரண்டு சதவீதப் பிழையோடு அளக்கும் கருவியால் இந்த வேறுபாட்டைப் பிடிக்கவே முடியாது. வளைகோடும் தொடக்கத்தில் நேர்கோடு போலத்தான் இருக்கும். அதனால் வகையைத் தீர்மானிக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் வினைபடு பொருள் தீரும்வரையாவது காத்திருந்து அளக்க வேண்டும். நம் அட்டவணை 300 வினாடிவரை போனதால்தான் மூன்று வகைகளும் தெளிவாகப் பிரிந்தன.

சமன்பாட்டில் NO₂-க்கு முன்னால் 2 இருக்கிறதே, அதைப் பார்த்தே இரண்டாம் வகை என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றலாம். கூடாது. 2N₂O₅ → 4NO₂ + O₂ என்ற வினையிலும் முன்னால் 2 இருக்கிறது. ஆனால் அது முதல் வகை. வகையைச் சோதனை அளவுகளிலிருந்து மட்டுமே பெற முடியும்.

அட்டவணைக்கும் ஓர் எல்லை உண்டு. 1850-இல் ஜெர்மானியரான லுட்விக் வில்ஹெல்மி, அமிலக் கரைசலில் கரும்புச் சர்க்கரை சிதைவதைப் போலாரிமீட்டரால் தொடர்ந்து அளந்தார். சர்க்கரையின் விகிதம் மாறாமல் நின்றது. அந்த வினையில் தண்ணீரும் செலவாகிறது. ஆனால் கரைசலே தண்ணீர் என்பதால் அதன் குறைவு கண்ணுக்குப் படுவதில்லை. இதைத்தான் போலி முதல் வகை என்கிறோம். மற்றவை மாறாமல் இருக்கும்போது, எந்தப் பொருளை அளந்தோமோ அதன் பங்கை மட்டுமே ஓர் அட்டவணை சொல்லும்.

கடைசியாக வினைவேக மாறிலி. நூறு வினாடிக்கு 54 லிட்டர் ஏற்றம் என்றால் வினாடிக்கு 0.54, அலகு மோலுக்கு, வினாடிக்கு லிட்டர். ஆனால் சில நூல்கள் இதே வினைக்கு 0.27 என்று தரும். இரண்டு மூலக்கூறு சேர்ந்து சிதைவதை ஒரு வினை என்று கணக்கிட்டு, செறிவு குறையும் வேகத்தை இரண்டால் வகுத்திருப்பார்கள். இரண்டும் சரியே. கேள்வியில் வேகத்தை எப்படி வரையறுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ற எண்ணை எழுத வேண்டும். எப்படி வரையறுத்தாலும் வினைவகை இரண்டுதான்.