இருபது கேஜ் என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

இரும்பு பீரோ செய்கிற பட்டறையில் போய் நின்று, "என்ன தகடுங்க போடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "இருபது கேஜ்ங்க, நல்ல கனமா இருக்கும்" என்று பதில் வரும். அது எத்தனை மில்லிமீட்டர் என்று அடுத்துக் கேட்டால் ஒருவர் 0.9 என்பார், இன்னொருவர் 0.8 என்பார், வேறொருவர் 1 மி.மீ. என்றே சொல்வார். அவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பட்டியலின்படி சரியாகத்தான் சொல்லியிருக்கக்கூடும். கேஜ் என்பது ஓர் அளவு அல்ல. ஒரு பட்டியலில் உள்ள வரிசை எண். எந்தப் பட்டியல் என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குக் கனம் கிடையாது.

இந்த எண்கள் கம்பி இழுக்கும் பட்டறைகளில் பிறந்தவை. தடித்த கம்பியைத் துளையிட்ட இரும்புப் பலகையின் வழியே இழுப்பார்கள். பிறகு அதைவிடச் சிறிய துளையில் இழுப்பார்கள். அதன்பின் இன்னும் சிறியதில். துளைக்குத் துளை எண் ஏறும், கம்பி மெலியும். இன்றைக்கும் கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலிந்துகொண்டே போவதற்கு இதுவே காரணம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு துளைப்பலகை, ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கணக்கு. பிரிட்டனில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரே பட்டியலைச் சட்டமாக்கினார்கள். 1884-இல் நடைமுறைக்கு வந்த அதன் பெயர் ஸ்டாண்டர்ட் வயர் கேஜ், சுருக்கமாக எஸ்.டபிள்யூ.ஜி. நம் கடைகளில் கேஜ் என்று சொல்லும்போது பெரும்பாலும் மனதில் இருப்பது இதுதான். இதில் 20 கேஜ் 0.914 மி.மீ.; 18 கேஜ் 1.219, 22 கேஜ் 0.711. படிகள் சீராகவும் இல்லை. 18-இலிருந்து 19-க்கு இறங்கினால் 0.2 மி.மீ. குறையும்; 19-இலிருந்து 20-க்கு இறங்கினால் 0.1 மட்டுமே குறையும். அதனால் "ஒரு கேஜ் குறைத்துப் போடுகிறேன்" என்று பட்டறைக்காரர் சொல்வதை வைத்து எவ்வளவு மெலியும் என்று கணக்கிட முடியாது.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். 1893-இல் அவர்கள் நாடாளுமன்றம் இரும்புத் தகட்டுக்குச் சட்டமாக்கிய பட்டியல் எடையில் தொடங்குகிறது. ஒரு சதுர அடித் தகடு எத்தனை அவுன்ஸ் என்பதே அங்கே அடிப்படை. 20 கேஜ் என்றால் சதுர அடிக்கு 24 அவுன்ஸ். கனம் அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கப்பட்டது. அப்போது கணக்கில் வைத்தது தேனிரும்பு. எஃகு அதைவிடச் சற்று அடர்த்தியானது. அதே எடைக்கு அது மெல்லியதாகவே இருக்கும். ஆகவே உருக்காலைகள் எஃகுக்கென்று வேறு பட்டியல் வைத்துக்கொண்டன. அதில் 20 கேஜ் 0.912 மி.மீ. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டுக்குப் பூச்சின் எடையையும் சேர்த்ததால் அதே 20 கேஜ் 1.006 மி.மீ. ஆகிவிட்டது. எஸ்.எஸ். தகட்டுக்கு 0.953. அலுமினியத்துக்கு அமெரிக்கக் கம்பிப் பட்டியலைப் பின்பற்றியதால் 0.812. எண் ஒன்றுதான், ஆனால் ஜி.ஐ. தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே 0.19 மி.மீ. வித்தியாசம்.

இந்தச் சிறு வித்தியாசம் தலைக்குமேல் போகாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தகடு வளையாமல் நிற்கும் திறன், கனத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும் குறையும். 0.914 மி.மீ. தகட்டுக்குப் பதில் 0.8 போட்டால் கனம் குறைவது எட்டில் ஒரு பங்கு. விறைப்பு குறைவதோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பீரோக் கதவைக் கையால் அழுத்தினால் "டொக்" என்று உள்வாங்கி வெளிவருகிறதே, அந்த வித்தியாசம்தான் அது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பீரோ செய்ய 20 கேஜ் என்று சொல்லி எட்டடிக்கு நாலடித் தகடு வாங்குகிறீர்கள். வந்ததை அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவி என்று படித்தோமே, அதுதான். முதலில் தகடு இல்லாமல் இரு முகங்களையும் மூடி, பூச்சியம் சரியாக நிற்கிறதா பாருங்கள். நிற்காவிட்டால் அந்தப் பிழையைக் கணக்கில் எடுக்க வேண்டும். தகட்டை வெட்டிய ஓரத்தில் பிசிறு நிற்கும். அங்கே வைத்தால் உள்ளதைவிடக் கனமாகக் காட்டும். ஓரத்திலிருந்து ஓர் அங்குலமாவது உள்ளே தள்ளி வைக்க வேண்டும். குமிழை விரலால் இறுக்கித் திருகாமல், முனையிலுள்ள ராட்செட்டைச் சுழற்றினால் அது டக் டக்கென்று நழுவும்போது அழுத்தம் எப்போதும் ஒன்றுபோல இருக்கும். மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். உருட்டி எடுத்த தகட்டில் நூறில் சில பங்கு மில்லிமீட்டர் கூடிக் குறைவது இயல்பு. தரவிதிகளே அதற்கு இடம் தருகின்றன. ஆனால் எல்லா இடத்திலும் 0.80 என்றே காட்டினால் அது 0.914 தகடு அல்ல.

சில கடைகளில் வட்ட வடிவ கேஜ் பலகை தொங்கும். ஓரமெங்கும் பிளவுகள், ஒவ்வொரு பிளவின் உள்முனையிலும் ஒரு வட்டத் துளை. தகட்டை நுழைக்க வேண்டியது பிளவில். துளை அளவுக்கு அல்ல. அந்தப் பலகை எந்தப் பட்டியலுக்கானது என்று அதன்மேல் பொறித்திருப்பதைப் படிக்காமல் நம்பாதீர்கள்.

கருவியே இல்லையா? தராசு போதும். ஒரு சதுர மீட்டர் எஃகுத் தகடு, ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. எட்டடிக்கு நாலடி 2.97 சதுர மீட்டர்; ஆக ஒரு மி.மீ. கனத்துக்கு 23.3 கிலோ. உங்கள் தகடு 18.7 கிலோ இருந்தால், 18.7-ஐ 23.3-ஆல் வகுத்தால் 0.80 மி.மீ. உண்மையில் 0.914 ஆக இருந்திருந்தால் 21.3 கிலோ இருக்க வேண்டும். தகடு முழுவதற்குமான சராசரியைத் தருவதால் இந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: 2500-க்கு 1250 மி.மீ. தகட்டையும் பேச்சில் எட்டுக்கு நாலு என்பார்கள். அதன் பரப்பு 3.125 சதுர மீட்டர். நாடாவால் அளந்தபின்பே கணக்குப் போடுங்கள்.

கூரைத் தகட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. வண்ணம் பூசிய தகட்டில் 0.50 மி.மீ. என்று எழுதியிருந்தால், அது பூச்சும் சேர்த்த மொத்தக் கனமாகவும் இருக்கலாம், உள்ளே இருக்கும் இரும்பின் கனமாகவும் இருக்கலாம். உலோகப் பூச்சும் வண்ணமும் சேர்ந்து 0.07 மி.மீ. வரை போகும். காற்றில் நெளியாமல் தாங்குவது இரும்பு, வண்ணம் அல்ல. மைக்ரோமீட்டர் இரண்டையும் சேர்த்தே காட்டும், பிரித்துச் சொல்லாது. ஆகவே "இரும்பு மட்டும் எத்தனை?" என்று கேட்டு வாங்க வேண்டும்.

தகடு வாங்கும்போது கேஜ் எண்ணோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மில்லிமீட்டர் எத்தனை, இரும்பா மொத்தமா, நீளம் அகலம் எவ்வளவு என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வண்டியிலிருந்து இறக்கும்போதே எடை போட்டுப் பாருங்கள்.