இரத்தம் ஊறக் கட்டளையிடும் சிறுநீரகம்!

திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறைத் தொழிலாளி. வயது 48 என்று வைத்துக் கொள்ளுங்கள். பத்து வருடமாக அவருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டார்.

இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முகம் வெளுத்துவிட்டது. மாலையில் கால் வீங்குகிறது. "இரத்தம் போதவில்லை" என்று மனைவி முருங்கைக் கீரை சமைத்துப் போடுகிறார். இரும்புச் சத்து டானிக்கும் நாலு மாதம் குடித்தாயிற்று. பலன் இல்லை!

கடைசியில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறார். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.5 தான். ஆண்களுக்கு அது 13-க்குக் குறையக் கூடாது. சுமார் 1 இருக்க வேண்டிய கிரியேட்டினின் 6 இருக்கிறது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம்.

மேஸ்திரி இல்லாத வீடு

சிறுநீரகம் கெட்டால் இரத்தம் ஏன் குறைய வேண்டும்?

சிறுநீரைப் பிரிப்பது மட்டும் அதன் வேலை அல்ல. அது ஹார்மோன்களும் சுரக்கிறது. அவற்றில் ஒன்று எரித்ரோபாய்ட்டின். இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் சிறுநீரகம் அதை உடனே கண்டுகொள்ளும். இந்த ஹார்மோனை அதிகமாக அனுப்பும். அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், "சிவப்பு அணுக்களை உண்டாக்கு" என்று கட்டளை இடும்.

ஒரு சிவப்பு அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே புதிய அணுக்கள் தினமும் பிறந்தாக வேண்டும். சிறுநீரகம் தழும்பேறிச் சுருங்கினால் கட்டளை குறைந்துவிடும். இரும்புச் சத்து செங்கல் மாதிரி. செங்கல் குவிந்து கிடந்தாலும் மேஸ்திரி இல்லாமல் வீடு எழும்புமா? டானிக் பலிக்காத காரணம் அதுதான்.

இயந்திரத்தால் முடியாதது

டயாலிசிஸ் இயந்திரம் இரத்தத்தில் உள்ள கழிவை நீக்கும். ஆனால் ஹார்மோன் சுரக்க அதற்குத் தெரியாது!

1977-ல் மியாகே, கோல்ட்வாசர் முதலிய விஞ்ஞானிகள் இந்த ஹார்மோனைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு வேண்டியிருந்தது, ஜப்பானில் இரத்தசோகை நோயாளிகளிடம் சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீர். கிடைத்ததோ சில மில்லிகிராம்தான்! பின்னர் அதைச் செயற்கையாகத் தயாரிக்க வழி பிறந்தது. 1989-ல் அமெரிக்காவில் ஊசி மருந்தாக அனுமதி கிடைத்தது. இன்று நம் ஊரிலும் போடுகிறார்கள்.

ஊசி போட்டாலும் செங்கல் வேண்டும். எனவே இரும்புச் சத்தையும் சோதித்துக் கொடுப்பார்கள். ஹீமோகுளோபின் 10, 11 அளவுக்கு வந்தால் போதும். 13-க்கு மேல் ஏற்றப் பார்த்தால் பக்கவாதம் வரும் அபாயம் கூடுகிறது. ஊசியால் இரத்தக் கொதிப்பும் ஏறலாம். அதையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி, அது நன்றாக வேலை செய்தால், கட்டளை மறுபடி பிறக்கும். ஊசி பெரும்பாலும் தேவைப்படாது.

பாதிக்கு மேல் கெடும் வரை சிறுநீரகம் வாய் திறப்பதில்லை. சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் வருடம் ஒரு முறை சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். தொழிலாளி அன்றே பார்த்திருந்தால், டானிக் குடித்த நாலு மாதமும் வீணாகி இருக்காது.