ஊசித்துளைக் கண்ணாடியும் கண் பயிற்சிகளும்

எங்கள் கண் மருத்துவப் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் சிலர், பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து மேசை மீது வைப்பதுண்டு. அதில் லென்ஸ் இராது. கறுப்பு பிளாஸ்டிக் தகட்டில் வரிசை வரிசையாகச் சிறு துளைகள் மட்டுமே இருக்கும். "இதைப் போட்டால் நன்றாகத் தெரிகிறது டாக்டர். தினமும் சிறிது நேரம் போட்டுக்கொண்டு, கூடவே கண் பயிற்சியும் செய்தால் பவர் கண்ணாடியே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்பார்கள். நன்றாகத் தெரிகிறது என்பது முற்றிலும் உண்மை. கண்ணாடி வேண்டாம் என்பது உண்மையன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் ஒரு சிறு சோதனை. பவர் கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஓர் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, அதைக் கண்ணருகே பிடித்து நாட்காட்டியைப் பார்க்கட்டும். கலங்கலாயிருந்த எழுத்துகள் தெளிவதைக் காணலாம். ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி, கண்மணியின் முழு அகலத்தின் வழியாகவும் உள்ளே நுழைந்து, விழித்திரையில் மீண்டும் ஒரு புள்ளியாகக் குவிய வேண்டும். கிட்டப்பார்வை உள்ளவருக்கு அது விழித்திரைக்கு முன்னரே குவிந்து மறுபடி விரிந்துவிடுவதால், விழித்திரையில் புள்ளிக்குப் பதில் ஒரு வட்டம் விழுகிறது. கலங்கல் என்று நாம் உணர்வது இவ்வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைத்தான். சிறு துளை, ஓரக் கதிர்களைத் தடுத்து நடுக்கதிர்களை மட்டும் விடுகிறது, வட்டம் சுருங்குகிறது, எழுத்து தெளிகிறது. கண்ணை இடுக்கிப் பார்த்தால் சற்றுத் தெளிவாகத் தெரிவதும் இதனாலேயே. கண்ணில் எந்த மாற்றமும் நிகழவில்லை. அட்டையை விலக்கிய மறுகணமே பழைய கலங்கல் திரும்பிவிடும். ஆறு மாதம் அணிந்தாலும் அவ்வாறே.

இதே துளையை நாங்களும் நாள்தோறும் பயன்படுத்துகிறோம் என்பது பலருக்கு வியப்பளிக்கும். பார்வைப் பரிசோதனையின்போது ஒரு கண்ணை மூடி, மறு கண்ணின் முன் துளையிட்ட கறுப்புத் தகடு ஒன்றைப் பிடிக்கச் சொல்வோம். துளையின் விட்டம் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். அதன் வழியாகப் பார்வை தெளிந்தால், குறை கண்ணாடியால் சரிசெய்யத்தக்கது என்று பொருள். தெளியாவிட்டால் விழித்திரை நோயோ, பார்வை நரம்பின் பாதிப்போ, அடர்ந்த கண்புரையோ, சோம்பேறிக் கண்ணோ இருக்கக்கூடும் என்று எண்ணி மேலும் ஆராய்வோம். ஆகவே, ஊசித்துளைக் கண்ணாடியில் ஒருவருக்கு நன்றாகத் தெரிகிறதென்றால், அது அவருக்குச் சரியான பவர் கண்ணாடி தேவை என்பதற்கான சான்றே.

வெளிச்சம் மிகுந்த இடத்தில் அமர்ந்து சில நிமிடங்கள் படிக்க அதை அணிவதால் கெடுதல் இல்லை. ஆனால் அது உள்ளே வரும் ஒளியில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. பக்கப் பார்வையைத் துண்டு துண்டாக மறைக்கிறது. அதை அணிந்துகொண்டு நடப்பதும் படியிறங்குவதும் வண்டி ஓட்டுவதும் ஆபத்து.

இனி, பயிற்சிகளுக்கு வருவோம். இன்று பல பெயர்களில் விற்கப்படும் பயிற்சித் திட்டங்கள் பலவற்றின் மூலம் ஒருவரே: நியூயார்க்கில் கண் மருத்துவராயிருந்த வில்லியம் பேட்ஸ். 1920இல் அவர் வெளியிட்ட நூலில், பார்வைக் குறைகள் எல்லாம் கண்ணின் இறுக்கத்தால் வருபவை என்றும், கண்ணாடி அணிவது கேடு என்றும் வாதிட்டார். உள்ளங்கைகளால் கண்களைப் பொத்திக்கொள்ளுதல், உடலை இடம் வலமாக அசைத்தல், கண்ணில் வெயில் படச் செய்தல் ஆகியன அவர் சொன்ன வழிகள். கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் விழியை நெருக்கி நீளமாக்குவதால்தான் அருகிலுள்ளவை தெரிகின்றன, விழிக்குள் இருக்கும் லென்ஸுக்கு இதில் பங்கில்லை என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை.

அது தவறென்று அவருக்கு நூறாண்டுகளுக்கு முன்பே காட்டப்பட்டிருந்தது. 1801இல் இங்கிலாந்தின் தாமஸ் யங் தம் கண்ணிலேயே சோதனைகள் செய்து, அருகே பார்க்கும்போது விழி நீள்வதில்லை என்று கண்டறிந்தார். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எங்களிடம் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இட்டுக்கொண்ட எவருக்கும் இதற்கான விடை தெரியும். மருந்து இட்ட பின் சில மணி நேரம் கைப்பேசியைப் படிக்க முடியாமல் தவித்திருப்பீர்கள். அந்நேரத்தில் விழியை மேலும் கீழும் இடமும் வலமும் தாராளமாகச் சுழற்ற முடிந்திருக்கும். விழியைச் சுழற்றும் வெளித் தசைகளுக்கு எதுவும் நேரவில்லை. லென்ஸின் வளைவை மாற்றும் உட்தசையை மட்டுமே மருந்து தளர்த்தியது. அருகே குவிக்கும் ஆற்றல் வெளித் தசைகளிடம் இருந்திருந்தால், அன்று நீங்கள் தடையின்றிப் படித்திருப்பீர்கள்.

வளர்ந்தவரின் கண் முன்பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளம். அது ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்துவிட்டால், இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை கிட்டப்பார்வை உண்டாகிறது. வளர்ந்துவிட்ட உயரத்தைப் பயிற்சியால் குறைக்க இயலாததுபோல, இந்நீளத்தையும் குறைக்க இயலாது. நாற்பது வயதுக்குப் பின் வரும் வெள்ளெழுத்துக்குக் காரணம் லென்ஸ் கெட்டிப்படுவது. தசைப் பயிற்சியால் அது இளகாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கண்ணாடியை விட்டொழிக்கலாம் என்று விளம்பரம் செய்து விற்கப்பட்ட ஒரு பயிற்சித் தொகுப்பின் விற்பனை 2006இல் நீதிமன்ற ஆணையால் நிறுத்தப்பட்டது. விளம்பரங்கள் மட்டும் வேறு பெயர்களில் வந்துகொண்டே இருக்கின்றன.

"ஆனால் எனக்கு முன்னேற்றம் தெரிந்ததே" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பல வாரங்கள் இருந்தால் மூளை கலங்கலுக்குப் பழகி, அதிலிருந்தே எழுத்துகளை ஊகிக்கக் கற்றுக்கொள்கிறது. அட்டையில் ஓரிரு வரிகள் கூடுதலாகப் படிக்க முடிகிறது. கண்ணின் அளவை அளந்தால் பழையதே இருக்கும். வீட்டுச் சுவரில் ஒட்டிய அதே அட்டை மனப்பாடமும் ஆகிவிடுகிறது. அறுபது வயதைக் கடந்த ஒருவர் வாசிப்புக் கண்ணாடி இல்லாமலே நாளிதழ் படிக்கத் தொடங்கி, அதைப் பயிற்சியின் பலன் என்று மகிழ்வார். சோதித்தால், கண்புரை முதிர்ந்து லென்ஸின் மையம் கெட்டியானதால் கிட்டப்பார்வை வந்திருக்கும், தூரப் பொருள்களோ மங்கியிருக்கும். இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போதும் கண்ணாடி அளவு மாறுவதுண்டு. திடீரென்று கண்ணாடி தேவைப்படாமல் போவது நாங்கள் கவலையோடு பார்க்கும் அறிகுறி.

பெரியவர்கள் இதில் இழப்பது பெரும்பாலும் பணமும் காலமுமே. குழந்தைகளின் நிலை வேறு. எங்களிடம் வந்த ஒரு சிறுமிக்கு ஆறு வயதில் பள்ளி முகாமில் கண் பரிசோதனை செய்யப்பட்டது. வலக்கண் பார்வை 6/6, இடக்கண் 6/36. அதாவது, மற்றவர்கள் 36 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இடக்கண்ணால் படிக்க அவள் 6 மீட்டருக்கு வரவேண்டும். சொட்டு மருந்திட்டு அளந்ததில் வலக்கண்ணில் +1.00, இடக்கண்ணில் +4.50. கண்ணாடி எழுதிக் கொடுத்தோம். பெண் குழந்தைக்கு இத்தனை சிறுவயதில் கண்ணாடியா என்று பெற்றோர் தயங்கினர். அவர்களின் தயக்கத்தை நாங்கள் அப்போது போதிய அளவு காதுகொடுத்துக் கேட்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர்கள் ஒரு பயிற்சித் திட்டத்தை நாடினர். ஒன்றரை ஆண்டு, தினமும் இருபது நிமிடம் விழிச்சுழற்சி, பிறகு ஊசித்துளைக் கண்ணாடி. மாதந்தோறும் இரு கண்களையும் திறந்துவைத்தே அட்டையைப் படிக்கச் செய்ததால், வலக்கண்ணின் தயவில் அவள் கடைசி வரி வரை படித்தாள். முன்னேற்றம் என்று அட்டவணையில் குறிக்கப்பட்டது.

ஏழரை வயதில் மீண்டும் வந்தபோது வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் படிக்கச் சொன்னோம். அதே 6/36. துளைத் தகட்டை வைத்தும் தெளியவில்லை. சிறுவயதில் தெளிவான உருவம் கிட்டாத கண்ணை மூளை புறக்கணித்துவிடுகிறது. இதையே சோம்பேறிக் கண் என்கிறோம். இங்கே குறை விழியில் மட்டும் இல்லை, பார்க்கக் கற்றுக்கொள்ளாத மூளையிலும் உள்ளது. அதனால்தான் துளையால் பயனில்லை. பிள்ளை வளர வளர இதைத் திருத்தும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகிறது.

அன்றே கண்ணாடி தொடங்கினோம். பதினாறு வாரங்கள் கண்ணாடி மட்டும்; இடக்கண் 6/24 ஆனது. பின்னர் நல்ல வலக்கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் ஒட்டுப்பட்டையால் மூடி வைத்து, அந்நேரத்தில் வண்ணம் தீட்டவும் படிக்கவும் செய்தோம். ஏழு மாதங்களில் 6/12 வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. ஆறு வயதிலேயே தொடங்கியிருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது. இழந்த ஒன்றரை ஆண்டு மட்டும் உறுதி.

கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்குக் கண்ணாடியின் பவரைக் குறைத்துக் கொடுத்தால் பவர் ஏறுவது மட்டுப்படும் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. மலேசியாவில் 2002இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. முழு அளவுக் கண்ணாடி அணிந்த பிள்ளைகளுக்கு இரண்டாண்டில் 0.77 டயாப்டர் கூடியது. குறைத்து அணிந்தவர்களுக்கு 1.00 கூடியது. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லையாயினும், குறைத்து அணிவதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை. சான்று இருப்பது வேறோரிடத்தில்: பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் நேரம். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிநாள்தோறும் 40 நிமிடம் வெளிப்புற நேரத்தைக் கூட்டியபோது, மூன்றாண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தோர் 30 விழுக்காடு; கூட்டாத பள்ளிகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு. வெளிப்புற வெளிச்சம் என்றால் சூரியனை நோக்குவது என்று கொள்ளவேண்டாம். சூரியனை நேராகப் பார்ப்பது விழித்திரையைச் சுட்டுவிடும்.

பயிற்சி உண்மையாகவே பயன்படும் இடமும் ஒன்று உண்டு. அருகே பார்க்கும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்பவேண்டும். சிலருக்கு இது எளிதில் வராது. படிக்கும்போது எழுத்து இரண்டாகத் தெரியும், நெற்றி வலிக்கும், வரி தவறும். இதற்கு 2008இல் அமெரிக்காவில் 221 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், மருத்துவமனையில் வாரந்தோறும் பயிற்சியாளருடன் பயிற்சி செய்து வீட்டிலும் தொடர்ந்தவர்களில் 73 விழுக்காட்டினர் 12 வாரத்தில் தேறினர் அல்லது முன்னேறினர். வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் இது 43. போலிப் பயிற்சி செய்தவர்களிலும் 35. இங்கும் மாறுவது கண்கள் ஒருங்கிணையும் திறனே; கண்ணாடி அளவு மாறுவதில்லை.

ஏற்கெனவே பயிற்சித் திட்டத்தில் சேர்ந்திருப்போர் அதை எங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. கடைசியாக எழுதிக் கொடுத்த கண்ணாடிச் சீட்டையும் அந்த ஊசித்துளைக் கண்ணாடியையும் கையோடு கொண்டு வாருங்கள். வீட்டில் பிள்ளையின் பார்வையைச் சோதிப்பதாயின் ஒரு நேரத்தில் ஒரு கண்ணை முழுமையாக மூடிச் சோதியுங்கள். குழந்தைகளுக்குச் சொட்டு மருந்திட்டு அளக்க ஒன்றரை மணி நேரமேனும் ஆகும். அதன் பின் அருகிலுள்ளவை மங்கலாகத் தெரியும் என்பதால், தேர்வுக்கு முந்தைய நாளில் அழைத்து வருவதைத் தவிர்க்கவும்.